பெயர் பதிவோருக்கு ஒரு நன்மை: சிறு இணையக் கடையின் ஒற்றை வரி குறித்த ஆய்வு

இணையத்தில் பொருள் விற்கும் சிறு கடைகள் பெரும்பாலானவற்றில், வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். அதன் தலைமாட்டில் ஒரு வரி. பதிந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த வரிதான் சொல்ல வேண்டும். பல கடைகளில் அது எதையும் சொல்வதில்லை. “எங்களுடன் இணைந்திருங்கள்” என்பதோடு நின்றுவிடுகிறது. சொல்லும் கடைகளிலோ கழிவு, பரிசு, சமையல் குறிப்பு, முதற்செய்தி என்று நான்கைந்து நன்மைகள் ஒரே மூச்சில் வரிசை கட்டுகின்றன.

முகவரி தருபவருக்கு விற்பவர் கைம்மாறாக என்ன தர வேண்டும், அதில் எத்தனையைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இணையத்தைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. தபால் மூலம் விற்றவர்களும் விளம்பரக்காரர்களும் பின்னர் உளவியலாளர்களும் இதற்கு வெவ்வேறு விடைகள் தந்திருக்கிறார்கள். அந்த விடைகளைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கருவாடு விற்கும் ஒரு சிறு கடையை மனத்தில் வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிலாபம் முதல் உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரையான இக்கரையில் உப்பு, இறால், தென்னைப் பொருட்கள் எனப் பலவும் விற்பனைக்கு உண்டு. ஆனால் கருவாடு பருவத்துக்குக் கட்டுப்பட்டது, வெயிலை நம்பியது, ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உடையது. வாக்குறுதி ஒன்றைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கண்டிப்பான சரக்கு அமைவது கடினம்.

விலையைக் குறைத்துக் கொடுப்பது

மிகப் பழைய விடை, இன்றும் மிகப் பரவலான விடை: காசைக் குறை. அமெரிக்காவில் ஆசா கேன்ட்லர் 1880களின் பிற்பகுதியில் ஒரு குவளை கோகோ கோலா இலவசம் என்று எழுதிய சீட்டுகளை வழங்கத் தொடங்கியதை வணிக வரலாற்றாசிரியர்கள் விலைச்சீட்டின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். முதற் கொள்வனவுக்குப் பத்து வீதக் கழிவு என்று இன்றைய இணையக் கடைகள் எழுதுவது அந்தச் சீட்டின் வழித்தோன்றல்தான்.

இவ்விடையின் பலம் அதன் தெளிவு. பத்து வீதம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பலவீனம் கணக்கில் இருக்கிறது. எண்ணிக்கைகளை விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒரு கிலோ நெத்தலிக் கருவாடு 2,000 ரூபாய்க்கு விற்கிறது, கொள்முதல் 1,500 ரூபாய், பொதி செய்ய 100 ரூபாய். கையில் மிஞ்சுவது 400. பத்து வீதக் கழிவு விற்பனை விலையில் கணக்கிடப்படுவதால் 200 ரூபாய் போய்விடுகிறது. அதாவது வாங்குபவருக்குப் பத்து வீதமாகத் தெரிவது விற்பவருக்கு ஐம்பது வீதம். அதே இலாபத்தை ஈட்ட இரு மடங்கு ஓடர் வர வேண்டும். பெரிய கடை அந்த இரண்டாவது ஓடரை எதிர்பார்த்து முதல் ஓடரில் நட்டப்படலாம். நாற்பது கிலோ சரக்கைக் கையில் வைத்திருக்கும் கடைக்கு அந்த இரண்டாவது ஓடரை நிறைவேற்றச் சரக்கே இல்லை.

இன்னொரு குறை இதைவிட மெதுவாகத் தெரியவரும். கழிவுக்காகப் பதிந்தவர் கழிவு விலையையே உண்மையான விலையாக மனத்தில் எழுதிக்கொள்கிறார். அடுத்த கழிவு வரும்வரை காத்திருக்கவும் செய்கிறார். வேறொரு முகவரியில் மறுபடி பதிந்து அதே கழிவை எடுப்பவரும் உண்டு. பட்டியலில் பெயர்கள் கூடிக்கொண்டே போக, முழு விலைக்கு விற்கும் அளவு அசையாமல் நின்றால் நோய் இதுதான் என்று கொள்ளலாம்.

முதலில் கொடு, பிறகு கேள்

இரண்டாவது விடை கடன்பாட்டு உணர்வை நம்புகிறது. ஒருவர் நமக்கு ஒன்றைத் தந்தால் பதிலுக்கு எதையாவது தர வேண்டும் என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு என்று சமூகவியலாளர் ஆல்வின் கோல்ட்னர் 1960 இல் வாதிட்டார். 1971 இல் டெனிஸ் ரீகன் வெளியிட்ட பரிசோதனையில், கேட்காமலே ஒரு போத்தல் கோலா வாங்கித் தந்த ஆளிடமிருந்து மற்றவர்கள் கூடுதலான அதிர்ஷ்டச் சீட்டுகளை வாங்கினார்கள். ரொபர்ட் சியால்டினி 1984 இல் எழுதிய நூல் இந்தக் கருத்தை வணிக உலகத்துக்குக் கொண்டுபோனது. செயலில் இது அதற்கும் வெகு முந்தியது. 1893 இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய நாகேசுவர ராவ், சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார் என்பது தென்னிந்தியாவில் பரவலாக அறியப்பட்ட செய்தி.

இணையக் கடையில் இது ‘பதிந்தால் சமையல் குறிப்பு நூல் இலவசம்’ என்ற உருவில் வருகிறது. சிக்கல் என்னவென்றால், தைலம் இலவசமாகக் கிடைத்தவர் தைலத்தை முகர்ந்து பார்த்தார். குறிப்பு நூல் இலவசமாகக் கிடைத்தவர் கருவாட்டைப் பார்க்கவில்லை. மாதிரி என்பது விற்கும் பொருளின் ஒரு துண்டு. குறிப்பு நூல் வேறொரு பொருள். அது கருவாடு வாங்குபவரைவிடக் குறிப்பு சேர்ப்பவரையே அதிகம் இழுக்கக்கூடும். மேலும், ஒரு போத்தல் கோலா தந்தவரின் முகம் எதிரே இருந்தது. முகம் தெரியாத கடை தானாக அனுப்பும் கோப்பு அதே கடன்பாட்டை உண்டாக்கும் என்று அந்தப் பரிசோதனையிலிருந்து முடிவு கட்ட முடியாது.

குறிப்பாகச் சொல்: ஹாப்கின்ஸ் வழி

மூன்றாவது விடையே ‘ஒரே ஒரு குறிப்பிட்ட நன்மை’ என்ற கொள்கையின் தாய்வீடு. கிளாட் ஹாப்கின்ஸ் 1923 இல் எழுதிய ‘விஞ்ஞான விளம்பரம்’ என்ற பொருள்படும் நூல், பொதுவான புகழுரைகள் வாசகர் மனத்தில் ஒட்டாது, எண்ணும் விவரமும் கொண்ட கூற்றே ஒட்டும் என்று அடித்துச் சொன்னது. அவரும் அவர் காலத்தவரும் இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. பத்திரிகை விளம்பரத்தின் ஓரத்தில் பெயரும் முகவரியும் எழுதி வெட்டி அனுப்பும் சீட்டு இருக்கும். அதில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வெவ்வேறு குறியெண் இருக்கும். எந்த வாசகம் எத்தனை சீட்டுகளைக் கொண்டுவந்தது என்று எண்ணுவார்கள். இன்றைய பதிவுப் பெட்டி அந்தச் சீட்டின் நேர் வாரிசு.

ஹாப்கின்ஸ் பற்றிய கதைகளில் நமக்கு மிகவும் வேண்டியது ஷ்லிட்ஸ் என்ற பியர் நிறுவனத்தின் கதை. எல்லாரும் ‘தூய்மை’ என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தபோது, அவர் ஆலைக்குள் போய்ப் போத்தல்களை நீராவியால் கழுவுவது முதலான வேலைகளைப் பார்த்து அவற்றை அப்படியே எழுதினார். எல்லா ஆலைகளும் செய்த வேலைதான் அது. சொன்னவர் மட்டும் அவர்தான். விற்பனை தாவியது என்பது அவருடைய சொந்தக் கூற்று என்பதால் அதை அந்த அளவுக்கே நம்ப வேண்டும். 1961 இல் ரோசர் ரீவ்ஸ் இதே கருத்தை இறுக்கினார்: ஒரு விளம்பரம், ஒரு வாக்குறுதி, அது போட்டியாளர் சொல்லாததாக இருக்க வேண்டும், கூட்டத்தை அசைக்கும் அளவுக்குப் பலமாகவும் இருக்க வேண்டும்.

கருவாட்டுக் கடைக்கு இதன் பொருள் எளிது. ‘தரமான, சுத்தமான, வீட்டுப் பக்குவக் கருவாடு’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் உலர்த்தியது என்று எழுதுபவர் குறைவு. கடைக்காரருக்கு அந்தத் தேதி தெரியும், வாங்குபவருக்கு அது வேண்டும். உலர்த்தி நாட்பட்ட கருவாடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தளரும். எண்ணெய்ப்பிடிப்புள்ள மீன் காறல் அடிக்கும். உப்பைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்கள் பெருகினால் மேலே இளஞ்சிவப்புப் படரும். இவற்றைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இணைய வாங்குநருக்குத் தேதி ஒன்றுதான் பிடிமானம்.

ஹாப்கின்ஸ் வழியின் பலவீனம் அதன் அளவுகோலில் இருக்கிறது. ‘சோதித்துப் பார்’ என்ற அறிவுரை இலட்சக்கணக்கில் விற்கும் பத்திரிகைகளை நம்பிப் பிறந்தது. ஒரு வரிக்கு நூற்றில் மூவர் பதிகிறார்கள், இன்னொரு வரிக்கு நூற்றில் நால்வர் பதிகிறார்கள் என்று வைப்போம். இந்த வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று வழக்கமான புள்ளிவிவர நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு வரியையும் ஏறத்தாழ 5,300 பேர் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 10,600. நாளுக்கு முப்பது பேர் எட்டிப் பார்க்கும் கடைக்கு இதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அதற்குள் கடல் பருவம் இரண்டு மாறிவிடும். ஒரு வாரம் ஒரு வரி, மறு வாரம் இன்னொரு வரி என்று போட்டுப் பார்த்து ‘இதுதான் வென்றது’ என்று முடிவு செய்யும் சிறு கடைக்காரர் பெரும்பாலும் தற்செயலைத்தான் அளந்திருப்பார்.

ஒன்றா, பலவா?

நன்மை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதியானது? இதற்குப் பெரும்பாலும் மேற்கோளாக வருவது ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000 இல் வெளியிட்ட ஜாம் பரிசோதனை. கடையில் 24 வகை ஜாம்களை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 வீதத்தினரும், 6 வகைகளை வைத்தபோது 30 வீதத்தினரும் வாங்கினார்கள். ஆனால் 2010 இல் ஷைபெஹென்னவும் அவருடைய சகாக்களும் இத்தகைய ஐம்பது பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூச்சியம் என்று கண்டார்கள். சில சூழல்களில் அதிகத் தெரிவுகள் தடுக்கின்றன, சிலவற்றில் உதவுகின்றன. அத்துடன் ஜாம் பரிசோதனை தெரிவுகளைப் பற்றியது, நன்மைகளைப் பற்றியதல்ல. அதைக் காட்டி ‘ஒரே நன்மையைச் சொல்லுங்கள்’ என்று எழுதும் வணிகக் கட்டுரைகள் வேறு கேள்வியின் விடையைக் கடன் வாங்குகின்றன.

நம் கேள்விக்கு நெருங்கிய ஆய்வுகள் இரண்டு. ஒரே வழி பல இலக்குகளை நிறைவேற்றும் என்று சொல்லும்போது, ஒவ்வோர் இலக்குக்கும் அது எவ்வளவு பயன்படும் என்ற மதிப்பீடு குறைகிறது என்று ஜாங், ஃபிஷ்பாக், குரூக்லான்ஸ்கி ஆகியோர் 2007 இல் காட்டினார்கள். பெயரைப் பதிந்தால் கழிவும் குறிப்பும் முதற்செய்தியும் கிடைக்கும் என்றால், முதற்செய்தி அவ்வளவு முக்கியமானதாக இராது என்று வாசிப்பவர் நினைக்கக்கூடும். சுசான் ஷுவும் கர்ட் கார்ல்சனும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது: விற்கும் நோக்கம் கொண்ட செய்தியில் மூன்று நற்கூற்றுகள் வரை மதிப்பு ஏறுகிறது, நான்காவது வந்ததும் சந்தேகம் எழுகிறது. அதன்படி மூன்றும் சரிதான்.

எனவே ‘ஒன்று மட்டும்’ என்பது விதியல்ல. மூன்றுக்கு மேல் போகாதே என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஒன்றே சிறந்தது என்பதற்கு உள்ள ஆதாரம் மறைமுகமானது. ஒன்றோடு நிறுத்த வேறொரு காரணம் இருக்கிறது, அது உளவியலைவிட நடைமுறை சார்ந்தது. சொன்ன ஒவ்வொரு நன்மையையும் யாரோ ஒருவர் ஒவ்வொரு மாதமும் செய்து முடிக்க வேண்டும். மீனும் வெயிலும் கூரியரும் தன் கையில் உள்ள ஒற்றை ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றுவதே பாடு.

இடத்தின் அளவும் ஒரு காரணம். இலங்கையில் வாடிக்கையாளரைச் சேர மின்னஞ்சலைவிடக் கைபேசிதான் குறுக்குவழி. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துக்குறிகள். தமிழில் எழுதினால் 70 மட்டுமே. உயிர்மெய்யின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: ‘கருவாடு’ கண்ணுக்கு நான்கு எழுத்து, குறுஞ்செய்திக்கு ஏழு. ஒன்றைத் தாண்டி இரண்டாகப் போனால் துண்டுக்கு 67 என்று இன்னும் குறையும், செலவும் இரட்டிக்கும். “புது நெத்தலி வந்தால், கடையில் போட ஒருநாள் முன் உங்களுக்குச் சொல்வோம்.” இந்த வரி, இடைவெளிகளும் முற்றுப்புள்ளியும் உட்பட, 69. இரண்டாவது நன்மைக்கு இடம் இல்லை.

அனுமதியும் சட்டமும்

1999 இல் சேத் கோடின் எழுதிய நூல் கேள்வியையே திருப்பிப் போட்டது. முகவரி என்பது கொடுத்து வாங்கும் பண்டமல்ல, எதிர்பார்க்கப்படும் செய்தியை அனுப்புவதற்கான அனுமதி. அந்த அனுமதி சொன்ன செய்திக்கு மட்டுமே செல்லும் என்றார் அவர். நெத்தலி பற்றிச் சொல்வதாகப் பதிவு வாங்கிவிட்டுத் தேங்காயெண்ணெய் விளம்பரம் அனுப்பினால், எண்ணைத் தந்தவர் கண்ணில் அது அத்துமீறல். சிறு கடைகள் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்: வரியில் ஒன்று, அனுப்புவது மற்றொன்று.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில் போகிறது. விளம்பரச் செய்தி அனுப்பப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்றும், செலவின்றி விலகும் வழியை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கருதுகிறது. பொய்யான அல்லது ஏமாற்றும் கூற்றுகளைத் தடுக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. (இரண்டுக்கும் இலக்கம் ஒன்றாக அமைந்தது தற்செயல், மேற்கோள் காட்டும்போது ஆண்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.) கூகுளும் யாகூவும் 2024 பெப்ரவரி முதல் பெருந்தொகையாக மின்னஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்றும், குப்பை என்று குறிக்கப்படும் விகிதம் 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்றும் கேட்கத் தொடங்கின. நமது கடை அந்தப் ‘பெருந்தொகை’ வகைக்குள் வராது. ஆயினும் ஆயிரத்தில் மூவரின் எரிச்சல் போதும் என்ற அளவு நினைவில் இருக்கத்தக்கது.

கற்பித்த அருமையும் உள்ள அருமையும்

‘முதலில் உங்களுக்கே’ என்ற நன்மை பொருள் அரிதாக இருந்தால் மட்டுமே நன்மை. அரிதானதை மனிதர் கூடுதலாக மதிக்கிறார்கள் என்பதற்கு 1975 இல் வோர்ச்செல், லீ, அடெவோலே செய்த பரிசோதனை ஒரு சான்று: ஜாடியில் பத்து பிஸ்கட் இருந்தபோது இருந்ததைவிட இரண்டே இருந்தபோது அதே பிஸ்கட் விரும்பத்தக்கதாக மதிப்பிடப்பட்டது. இணைய வணிகம் இந்தப் பாடத்தை விரைவாகக் கற்றுக்கொண்டு கெடுத்தும் வைத்திருக்கிறது. 2019 இல் அருணேஷ் மாத்தூரும் சகாக்களும் சுமார் 11,000 விற்பனைத் தளங்களை ஆராய்ந்து, வாங்குபவரை வழிதவறச் செய்யும் 1,818 உத்திகளைப் பட்டியலிட்டார்கள். பொய்யான நேரக் கணக்கும், கையிருப்பு தீர்கிறது என்ற அவசரப்படுத்தலும் அதில் உண்டு. பதிவுப் பெட்டியின் வரியோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றும் உண்டு: பதிய மறுப்பவர் அழுத்த வேண்டிய பொத்தானில் ‘எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க விருப்பமில்லை’ என்பது போல எழுதி நாணச் செய்வது. நம் ஊர்க் கடைகள் இந்த வழக்கத்தைக் கடன் வாங்காதிருப்பது நல்லது.

புத்தளக் கரைக்குச் செயற்கை அருமை தேவையே இல்லை. மேற்குக் கரையில் தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுப்பு பொதுவாக ஒக்டோபருக்குப் பின்னரே சூடு பிடிக்கும். உடப்பு போன்ற ஊர்களின் மீனவர்களில் ஒரு பகுதியினர் அம்மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். பருவத்துக்குள்ளும் எல்லா இழுப்பும் ஒன்றல்ல. மீன் பட்ட நாளில் மழை வந்தால் உலர்த்த முடியாது. எப்போது, எவ்வளவு சரக்கு வரும் என்பது கடைக்காரருக்கே இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் தெரியும். இப்படிப்பட்ட பொருளுக்கு ‘வந்ததும் சொல்வோம்’ என்பது உபசார வார்த்தையாக நிற்பதில்லை. வாங்குபவர் வேறு வழியில் பெற முடியாத தகவல் அது.

ஒரு கணக்கு

இரு நன்மைகளையும் ஒரே கடையில் வைத்துப் பார்ப்போம். இவையும் விளக்கத்துக்கான எண்களே. ஒரு தடவைக்கு 40 கிலோ நெத்தலிக் கருவாடு கிடைக்கிறது. வாங்குபவர் ஆளுக்கு ஒரு கிலோ எடுக்கிறார். செய்தி கிடைத்த பத்துப் பேரில் ஒருவர் வாங்குகிறார்.

பட்டியலில் 300 பெயர் இருந்தால் 30 கிலோ முன்கூட்டியே போகும். மீதி 10 கிலோ கடையில் எல்லாருக்கும். சொன்ன வாக்கு நிற்கிறது. குறுஞ்செய்திச் செலவு தவிர இலாபம் குறையவில்லை; நாற்பது கிலோவுக்கும் முழு 400 ரூபாய் கிடைக்கிறது. அதே 300 பேருக்குப் பத்து வீதக் கழிவு தந்திருந்தால் 30 கிலோவில் 6,000 ரூபாய் போயிருக்கும், எப்படியும் விற்றிருக்கக்கூடிய சரக்கில்.

பட்டியல் 400 ஆகும்போது 40 கிலோவும் பதிந்தவர்களுக்கே சரியாகிவிடுகிறது. 1,000 ஆனால் நூறு பேர் கேட்பார்கள், அறுபது பேர் வெறுங்கையோடு போவார்கள். ‘ஒருநாள் முன் சொல்வோம்’ என்ற வரி அப்போதும் சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனால் அந்த ஒருநாள் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. செய்தியைக் காலையில் பார்த்தவருக்குக் கிடைக்கும், வேலை முடிந்து மாலையில் பார்த்தவருக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின் அவர் செய்தியைத் திறப்பதையே விட்டுவிடுவார்.

நன்மைகளைப் பற்றிய எழுத்துகளில் போதிய கவனம் பெறாத வேறுபாடு இதுதான் என்று தோன்றுகிறது. கழிவு என்ற நன்மை பட்டியல் பெருகப் பெருக விற்பவரைக் கரைக்கிறது. பெறுபவருக்கு அதன் மதிப்பு அப்படியே இருக்கிறது. முதற்செய்தி என்ற நன்மை விற்பவருக்கு ஏறத்தாழச் செலவில்லாமல் நிற்கிறது. பட்டியல் பெருகப் பெருகப் பெறுபவருக்குத்தான் அது தேய்கிறது. முதலாவது உடனே வலிப்பதால் கடைக்காரர் கவனிக்கிறார். இரண்டாவது வலிப்பதில்லை, ஆகையால் தெரியாமல் போகிறது. கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு: செய்தி அனுப்பியதிலிருந்து சரக்குத் தீரும்வரையான நேரம். அது ஒரு நாளிலிருந்து சில மணியாக இறங்கும்போதே தலையிட வேண்டும்.

தலையிடும் வழிகளும் சில உண்டு. ஆளுக்கு அரைக் கிலோ என்று வரம்பிடலாம். அப்போது அதே 40 கிலோ 80 பேருக்குப் போகும். பட்டியலை இரண்டாகப் பிரித்து முறைவைத்து அனுப்பலாம். கிடைக்காமல் போனவருக்கு அடுத்த தடவை முன்னுரிமை தரலாம். இது நியாயமானது, ஆனால் ஏடு வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். புதுப் பெயர் சேர்ப்பதை நிறுத்துவது நான்காவது வழி. அதைப் பரிந்துரைக்கும் வணிக நூல் எதுவும் எளிதில் அகப்படாது.

கடல் மூடிய மாதங்கள் இன்னொரு தொல்லை. ஐந்து மாதம் ஒரு சொல்லும் அனுப்பாவிட்டால், ஒக்டோபரில் வரும் முதற்செய்தியைப் பார்த்து ‘இது யார்?’ என்று கேட்பவர் பலர். கடமைக்கு வாராவாரம் எதையாவது அனுப்பினால் அனுமதி மீறப்படுகிறது. நடுவழி, வரியிலேயே பருவத்தைச் சொல்லிவிடுவது: ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும் செய்தி வரும் என்று பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதினால் மௌனமும் வாக்குறுதியின் பகுதியாகிவிடும். வறண்ட மாதங்களில் விளையும் உப்பைக் கொண்டு இடைவெளியை நிரப்பலாம் என்று தோன்றலாம். 2025 இல் நாடெங்கும் உப்புத் தட்டுப்பாடு வந்து இறக்குமதி செய்ய நேர்ந்ததை நினைத்தால் அதற்கும் முதற்செய்தி செல்லுபடியாகும்தான். ஆனால் எல்லார் அடுப்புக்கும் வேண்டிய பொருளில் தட்டுப்பாட்டு வேளையில் சிலருக்கு முன்னுரிமை என்பது வேறு கேள்வி. கருவாட்டில் சலுகையாகத் தெரிவது உப்பில் பதுக்கலாகத் தெரியும்.

தீராதவை

மேற்காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க மாணவர்களையும் அமெரிக்க வாங்குநரையும் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழில் எழுதிய ஒரு வரி, சிங்களமும் தமிழும் கலந்து வாங்கும் சந்தையில், வாட்ஸ்அப்பில் உறவினர் செய்திகளுக்கு நடுவே வந்து விழும்போது எப்படி வாசிக்கப்படுகிறது என்பதற்கு அவற்றில் விடை தேட முடியாது. முதற்செய்தி பெற்றவர் அதை உறவினருக்கு அனுப்பிவிட்டால் பதியாதவருக்கும் அதே நன்மை கிடைக்கிறது. இது பட்டியலைக் கெடுக்கிறதா, கடையை வளர்க்கிறதா என்பதும் திறந்த கேள்வியே. கழிவுக்குப் பதிந்தவரும் செய்திக்குப் பதிந்தவரும் ஓராண்டுக்குப் பின் எந்த அளவு வாங்குகிறார்கள் என்பதை ஒரு கடை தன் ஏட்டை வைத்தே பார்க்கலாம். அதற்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த வரியைப் பார்த்துப் பதிந்தார் என்று குறித்துவைக்க வேண்டும். ஹாப்கின்ஸ் காலத்துக் குறியெண்ணின் வேலை அதுவே.

இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். மாதத்துக்குச் சில பத்துக் கிலோ விற்கும், நாளுக்குச் சில பத்துப் பேர் பார்க்கும் கடை எந்த வரி சிறந்தது என்று சோதித்து அறிய முடியாது. கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பொருள் உண்மையிலேயே அரிதாக இருந்து பட்டியலும் சிறிதாக இருக்கும்வரை, தேதியோடு கூடிய முதற்செய்தி பத்து வீதக் கழிவைவிட மேலான ஒற்றை நன்மை. வருகிற சரக்கைவிட அதைக் கேட்போர் மிகும் நாளில், நமது கணக்கில் 400 ஆவது பெயருக்குப் பிறகு, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.